பொட்டலத்தைப் போடுமுன் இரண்டு கணக்குகள்

புத்தாக்கப் போட்டிகளில் இப்போது அடிக்கடி காணும் ஒரு செயல்திட்டம், பொருளைச் சுமந்து சென்று குறித்த இடத்தில் போடும் டிரோன். ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 2016 முதல் ஆளில்லா விமானங்கள் மருத்துவமனைகளுக்கு இரத்தப் பைகளைக் கொண்டுபோய், காகிதப் பாராசூட்டில் இறக்கி வருகின்றன. நீங்கள் செய்யப்போவது அதைவிட மிகச் சிறியதுதான். ஆனாலும் பொருளை விடுவிக்கும் கருவியைச் செய்து முடித்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். டிரோனின் ஈர்ப்பு மையத்தையும் உந்துவிசையில் மீதம் இருப்பதையும் மறுபடி கணக்கிடுவதே மறு பாதி.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நான்கு மோட்டார் கொண்ட டிரோன் ஒன்று, மின்கலத்தோடு 1160 கிராம். விடுவிக்கும் கருவி 40 கிராம். ஆக 1200 கிராம். கருவியின் எடையைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். பொட்டலம் போன பிறகும் அது டிரோனோடுதான் இருக்கும். சுமக்க வேண்டிய பொட்டலம் 200 கிராம்.

முதலில் கருவி. பொட்டலத்தின் கயிற்றைச் சின்ன சர்வோ மோட்டாரின் கையிலேயே நேராகத் தொங்கவிடத் தோன்றும். அது கூடாது. பறக்கும் நேரம் முழுவதும் சர்வோ அந்த எடையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மெல்லிய முனகல் ஒலி கேட்கும், சூடாகும், டிரோன் திடீரென மேலே எழும்போது சுமை கூடி பிளாஸ்டிக் பற்சக்கரம் உடையவும் கூடும்.

அதற்குப் பதிலாக, இரண்டு சிறிய தகடுகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே பொருத்துங்கள். இரண்டிலும் துளையிட்டு, ஓர் எஃகு ஊசியைக் குறுக்கே செருகுங்கள். பொட்டலத்தின் கண்ணி அந்த ஊசியில், இரு தகடுகளுக்கும் நடுவே தொங்கட்டும். இப்போது எடையைத் தகடுகள் தாங்குகின்றன. சர்வோ செய்ய வேண்டியது ஊசியைப் பக்கவாட்டில் இழுப்பது மட்டுமே. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், 200 கிராம் சுமைக்கு அது வெல்ல வேண்டியது சுமார் 60 கிராம் இழுவை. கடையில் கிடைக்கும் 9 கிராம் சர்வோவுக்கு இது எளிது. நடுவானில் சர்வோவுக்கு மின்சாரம் போனாலும் ஊசி இருந்த இடத்திலேயே இருக்கும், பொட்டலம் யார் தலையிலும் விழாது.

மேசையில் ஐம்பது முறை சரியாக வேலை செய்யும் ஊசி, காற்றில் சிக்கிக்கொள்வதும் உண்டு. பொட்டலம் ஆடும்போது கண்ணி ஊசியைச் சாய்வாக இழுக்கிறது. தகடு சற்று வளைந்தாலும் துளைகள் நேர்கோட்டில் இல்லாமல் போய் ஊசி இறுகிவிடும். ஆகவே சோதனையின்போது பொட்டலத்தைக் கையால் ஆட்டிவிட்டுக்கொண்டே விடுவித்துப் பாருங்கள். கயிற்றையும் குட்டையாக வையுங்கள். அரை மீட்டர் கயிறு என்றால் பொட்டலம் ஏறக்குறைய ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை ஊசலாடி, டிரோனையும் தன்னோடு இழுக்கும்.

இனி ஈர்ப்பு மையம். டிரோனின் வயிற்றின் நடுவில் மின்கலம் இருப்பதால், கருவியை 6 சென்டிமீட்டர் முன்னால் பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். கருவி சிறியது என்பதால், காலியான டிரோனின் மையம் நடுவிலேயே இருப்பதாகக் கொள்வோம். பொட்டலம் தரும் திருப்புவிசை 200 × 6 = 1200. இதை மொத்த எடையான 1400ஆல் வகுத்தால், ஈர்ப்பு மையம் சுமார் 0.86 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்திருப்பது தெரியும்.

ஒரு சென்டிமீட்டர்கூட இல்லையே என்கிறீர்களா? மோட்டார்களிடம் கேட்போம். முன் மோட்டார்களும் பின் மோட்டார்களும் நடுவிலிருந்து 16 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால், முன் இரண்டும் பின் இரண்டைவிட 1200 ÷ 16 = 75 கிராம் கூடுதலாகத் தூக்க வேண்டும். அதாவது முன் மோட்டார் ஒவ்வொன்றும் சுமார் 369 கிராம், பின் மோட்டார் ஒவ்வொன்றும் 331 கிராம். பறந்து இறங்கியதும் கவனமாகத் தொட்டுப் பார்த்தால் முன் மோட்டார்கள் அதிகம் சூடாக இருக்கும்.

பொட்டலம் விழும் கணத்தில் என்ன நடக்கிறது? எடை 1200 ஆகிவிட்டது, ஆனால் மோட்டார்கள் இன்னும் 1400 கிராமைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன. டிரோன் விநாடிக்கு விநாடி 1.6 மீட்டர் வேகம் கூடி மேலே எழும்பத் தொடங்கும். முன்பக்க விசை அதிகமாக இருப்பதால் மூக்கும் நிமிரும், டிரோன் பின்னோக்கிச் சறுக்கும். கட்டுப்பாட்டுப் பலகை உடனே திருத்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் மரமோ கூடைப்பந்துக் கம்பமோ இருந்தால், அந்தச் சிறு சறுக்கலே போதும்.

இங்கே பலர் விழும் ஒரு பொறி இருக்கிறது. “300 கிராம் மின்கலத்தை 4 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் 300 × 4 = 1200, சமன் ஆகிவிடுமே!” கணக்கு சரிதான், பொட்டலம் இருக்கும் வரை. அது விழுந்தவுடன் அதே 1200 எதிர்ப்பக்கம் நின்று, ஈர்ப்பு மையத்தை 1 சென்டிமீட்டர் பின்னால் இழுத்துவிடும். நீங்கள் சிக்கலைத் தீர்க்கவில்லை, திரும்பும் பயணத்துக்குத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். குறைந்துகொண்டே போகும் எடையை நடுவில்தான் வைக்க வேண்டும். பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களில் மருந்துத் தொட்டியை ஈர்ப்பு மையத்துக்கு அருகில் வைப்பதும் இதனால்தான். ஆகவே மின்கலத்தை மேல்தட்டின் நடுவுக்கு மாற்றிவிட்டு, கருவியை வயிற்றின் நடுவில் பொருத்துங்கள். பிறகு டிரோனின் இரு பக்கங்களின் நடுப்புள்ளியை விரல்களில் தாங்கி, பொட்டலத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் சமநிலையில் நிற்க வேண்டும். சுழல்விசிறிகளைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது உந்துவிசை. மோட்டார் ஒன்றின் அதிகபட்ச உந்துவிசை 700 கிராம் என்று வைப்போம். நான்கும் சேர்ந்து 2800. அதை 1400ஆல் வகுத்தால் 2. எடையைப் போல இரு மடங்கு விசை இருக்க வேண்டும் என்பது டிரோன் செய்பவர்கள் பின்பற்றும் பொது அளவு. தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று தோன்றுகிறது.

ஆனால் அந்த 700 என்பது மின்கலம் நிறைந்திருக்கும்போது கிடைப்பது. மூன்று அறை லித்தியம் மின்கலம் நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ட், பயண முடிவில், சுமையோடு 10.8 வோல்ட்டுக்கு இறங்கலாம். சுழலும் வேகம் ஏறத்தாழ வோல்ட்டைப் பொறுத்தது. உந்துவிசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10.8 ÷ 12.6 என்பதன் வர்க்கம் சுமார் 0.73. ஆக 2800 இப்போது ஏறக்குறைய 2050 ஆகிவிட்டது.

பொட்டலத்தைப் போட்டுவிட்டுத்தானே திரும்புவோம், பிறகென்ன? ஊசி சிக்கிக்கொண்டால் என்பதுதான் கேள்வி. அப்போது தீர்ந்துகொண்டிருக்கும் மின்கலத்தோடு முழு 1400 கிராமும் வீடு திரும்ப வேண்டும். 2050 ÷ 1400 என்றால் 1.46 மட்டுமே. எதிர்க்காற்றில் 30 பாகை சாய்ந்து பறந்தால், உயரம் குறையாமலிருக்க மட்டும் சுமார் 1620 கிராம் விசை வேண்டும். மீதம் ஏறக்குறைய 430 கிராம். டிரோன் நிலைகுலையாமல் திருத்திக்கொள்வதும், கீழிறங்கும் வேகத்தைத் தடுப்பதும் இந்த மீதத்திலிருந்துதான். அது தீர்ந்துபோனால் விசையை எவ்வளவு கூட்டினாலும் டிரோன் தள்ளாடியபடி இறங்கும்.

எனக்குக் கேட்டால், பொட்டலத்தை 100 கிராமாகக் குறைப்பேன். மோசமான நிலையிலும் விகிதம் 1.58 கிடைக்கும். பெரிய சுழல்விசிறி பொருத்தலாம் என்று சில மாணவர்கள் சொல்வார்கள். அது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் கூட்டிவிடும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதைத் தாங்குமா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டி வரும்.

அனுமதி பெற்ற, ஆள் நடமாட்டமில்லாத திடலில் முதல் முறை பறக்கவிடும்போது ஊசியை இழுக்கவே வேண்டாம். பொட்டலத்தோடு எழுப்பி, மின்கலம் பாதியாகும் வரை தலை உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்திவைத்து, அப்படியே இறக்குங்கள். நிலையாக நிற்க விசைக் கோலை எந்த அளவில் வைத்திருந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியிருந்தால், பொட்டலம் இன்னும் கனம்.