65 வாட் என்பது யாருக்குச் சொன்ன எண்?

இன்டெல்லின் கோர் ஐ7-12700 செயலியின் விவரத்தாளில் வாட் என்ற அலகோடு இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று 65, மற்றொன்று 180. ஒரே சில்லுக்கு ஏன் இரண்டு எண்கள்? கணினிக் கடையில் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள். அதை நம்பிக் கூலரும் பவர் சப்ளையும் வாங்கியவருக்கு வெயில் காலத்தில் கணினி ஏன் மந்தமாகிறது என்பது புரியாது.

முதலில் அந்தப் பெரிய எண்ணைக் கவனியுங்கள். இந்தச் செயலியின் சிலிக்கான் துண்டின் பரப்பு ஏறத்தாழ 2 சதுர சென்டிமீட்டர்தான், ஒரு பெரிய தபால் தலையில் பாதிகூட வராது. அதற்குள் 180 வாட் நுழைந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 80 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். சட்டையைத் தேய்க்கும் தகட்டைவிடப் பதினாறு மடங்கு அடர்த்தியான வெப்பம் அந்தச் சிறு துண்டிலிருந்து ஓயாமல் கிளம்புகிறது. உள்ளே போகும் மின்சாரம் கணக்குப் போட்டு முடித்ததும் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே வெளியே வந்தாக வேண்டும். செயலிக்கு வேறு வடிகால் இல்லை.

அந்த வெப்பத்தை அகற்றும் வேலையை அளப்பதற்குத்தான் டிடிபி என்கிற வெப்ப வடிவமைப்புத் திறன் பிறந்தது. அது மின்வாரியத்துக்கோ பவர் சப்ளைக்கோ சொன்ன எண் இல்லை. கூலர் செய்பவருக்குச் சொன்ன எண். ஏஎம்டி அதைக் கணக்கிட்ட முறையைப் பார்த்தால் இது தெளிவாகும். ரைசன் 7 2700எக்ஸ் செயலிக்கு அவர்கள் 105 வாட் என்று எழுதினார்கள். செயலியின் உலோக மூடி 61.8 டிகிரியில் இருக்கலாம், கூலருக்குள் நுழையும் காற்று 42 டிகிரியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். இடைவெளி 19.8 டிகிரி. அதை, ஒரு வாட்டுக்கு 0.189 டிகிரி என்ற கூலரின் வெப்பத் தடையால் வகுத்தால் 104.8 வரும். அதுதான் அந்த 105. இந்த வாய்பாட்டில் வோல்ட்டும் இல்லை, ஆம்பியரும் இல்லை! 105 வாட் என்று குறித்த அதே வகைச் செயலிகளை மதர்போர்டு 142 வாட் வரை மின்சாரம் இழுக்க அனுமதித்தது.

இன்டெல்லின் 65 வேறொரு கணக்கு. அடிப்படை வேகத்தில் ஓயாமல் வேலை செய்யும்போது சராசரியாக வெளிவரும் வெப்பம் அது. கனமான வேலை வந்தால் செயலி வேகத்தைக் கூட்டிச் சிறிது நேரம் 180 வாட் வரை போகலாம். சராசரி 65-ஐத் தொட்டதும் இறங்கிவிட வேண்டும். மதர்போர்டு இன்டெல் சொன்ன வரம்பை அப்படியே மதித்தால், அந்த ஓட்டம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் பல மதர்போர்டுகள் கடையிலிருந்து வரும்போதே இந்த வரம்பைத் தளர்த்தி வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட பலகையில் 180 வாட் நாள் முழுக்க நீடிக்கலாம். 2021-இல் 12ஆம் தலைமுறை வந்தபோது இன்டெல் டிடிபி என்ற பெயரைக் கைவிட்டு, அடிப்படைத் திறன், உச்ச டர்போ திறன் என்று இரண்டையும் அச்சிடத் தொடங்கியது. அது நல்ல காரியம். அதற்கு முன் 2018-இல் வந்த ஐ9-9900கே வாங்கியவர்களுக்கு 95 என்ற ஒற்றை எண்ணைத்தான் காட்டினார்கள்.

இப்போது கூலருக்கு வருவோம். சில்லிலிருந்து காற்றுவரை, ஒவ்வொரு வாட்டுக்கும் 0.4 டிகிரி வெப்பம் ஏறவிடும் சாதாரணக் கூலர் ஒன்றை வைத்துக்கொள்வோம். 65 வாட்டில் ஏற்றம் 26 டிகிரி. கேபினெட்டுக்குள் காற்று 42 டிகிரி என்றாலும் சில்லு 68-இல் நின்றுவிடும், கவலையே இல்லை. 180 வாட்டில் ஏற்றம் 72 டிகிரி. ஏசி அறையில், உள்காற்று 27 டிகிரியாக இருக்கும்போது சில்லு 99 டிகிரி. இந்தச் செயலியின் எல்லை 100 என்பதால் அது மயிரிழையில் தப்பிக்கும். சித்திரை வெயிலில், உள்காற்று 42 ஆனால்? 114 டிகிரிக்குப் போக வேண்டும், போக முடியாது. செயலி தன் வேகத்தைத் தானே குறைத்து, 58 டிகிரி இடைவெளியை 0.4-ஆல் வகுத்தால் வரும் 145 வாட்டில் வந்து நிற்கும். பொருள் பழுதாகவில்லை, காற்றின் வெப்பம்தான் மாறியது. பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு தன் வெப்பத்தையும் அதே பெட்டிக்குள் ஊதும்போது, அறை 32 டிகிரியில் இருந்தாலும் கூலர் குடிக்கும் காற்று 42-ஐ எட்டுவது எளிது.

வேகம் குறைவதற்குக் காரணம் கூலரா, வரம்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. HWiNFO போன்ற மென்பொருளில் CPU Package Power என்ற வரியையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள். எல்லா கோர்களுக்கும் வேலை கொடுத்த சில விநாடிகளில் வாட் 65-க்கு இறங்கி, வெப்பநிலை 60 சொச்சத்தில் இருந்தால், அது மதர்போர்டு போட்ட வரம்பு. எவ்வளவு பெரிய கூலர் வாங்கினாலும் வேகம் கூடாது. வெப்பநிலை 100-இல் ஒட்டிக்கொண்டு, வாட் மெல்லச் சரிந்தால் கூலர் போதவில்லை, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது தூசி அடைத்துவிட்டது. கூலர் மாற்ற வசதியில்லாதவர்கள் பயாஸில் நீண்டநேர வரம்பை 125 வாட்டுக்கு வைக்கலாம். திறன் தேவை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், கடைசிச் சில வேகப் படிகளுக்குத்தான் வாட் அதிகம் செலவாகிறது. அவற்றை விட்டுக்கொடுத்தால் வேகத்தில் இழப்பது கொஞ்சம், வெப்பத்தில் மிச்சமாவது அதிகம்.

கிராபிக்ஸ் கார்டின் எண் இதைவிட நேர்மையானது. ஆர்டிஎக்ஸ் 4070-க்கு 200 வாட் என்றால் சில்லு, நினைவகம், மின்சுற்று எல்லாம் சேர்ந்த முழு அட்டைக்கும் உரிய வரம்பு. அதை இந்தக் கட்டளையில் நேராகவே பார்க்கலாம்:

```
nvidia-smi -q -d POWER
```

ஆனால் அது சராசரி. ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு அட்டை அதைத் தாண்டித் துள்ளும். 2020-இல் 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது, கூட்டிப் பார்த்தால் போதுமானதாகத் தோன்றிய சில பவர் சப்ளைகள் விளையாட்டின் நடுவே திடீரென்று அணைந்ததற்கு இந்தத் துள்ளல்தான் காரணம். உள்ளிருந்த பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் என்று நினைத்துக்கொண்டது. ஏடிஎக்ஸ் 3.0 என்ற 2022-ஆம் ஆண்டுத் தரம், பெரிய கார்டுகளுக்கான பவர் சப்ளை தன் அளவைப் போல இருமடங்கை 100 மைக்ரோவிநாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறது.

ஐ7-12700-ஐயும் 4070-ஐயும் ஒரே பெட்டியில் வைத்துக் கணக்குப் போடுவோம். செயலிக்கு 65 அல்ல, 180. கார்டுக்கு 200. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள் என்று 60. மொத்தம் 440 வாட். என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 650 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்புகிறது, மிச்சம் துள்ளலுக்கு. இந்த இடைவெளியை வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றை மட்டும் பலரும் மறந்துவிடுகிறார்கள். 440 வாட் என்பது பவர் சப்ளை வெளியே கொடுப்பது. அது 88 சதவீதத் திறனில் இயங்கினால் சுவர் பிளக்கிலிருந்து 500 வாட் இழுக்கும். நம் வீடுகளில் கணினிக்குக் கீழே வைக்கும் 600 விஏ யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட்தான் தரக்கூடியவை. கனமான வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் பேட்டரி புதிதாக இருந்தாலும் அது அந்தச் சுமையைத் தாங்காமல் கணினியை அணைத்துவிடும். யுபிஎஸ் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட விஏ எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கம் சிறிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணைத் தேடுங்கள். இந்தக் கணினிக்கு அது மானிட்டரையும் சேர்த்து 550-க்குக் குறையக் கூடாது.