அட்டவணை கையில் இருந்தால் மின்சுற்றுக்கு விடை

மின்தேக்கி ஒன்றை ஒரு மின்தடை வழியாக பேட்டரியோடு இணைத்து சுவிட்சைப் போட்டால், அதன் மின்னழுத்தம் உடனே பேட்டரி அளவுக்கு எகிறிவிடாது. முதலில் விரைவாக ஏறும். பேட்டரியை நெருங்க நெருங்க வேகம் தணியும். எந்தக் கணத்தில் எத்தனை வோல்ட் இருக்கும் என்பதை லாப்லாஸ் உருமாற்றத்தின் துணையோடு கணக்கிட்டுப் பார்ப்போம்.

பேட்டரி 10 வோல்ட், மின்தடை 5 கிலோ ஓம், மின்தேக்கி 100 மைக்ரோ ஃபாரட். சுவிட்சைப் போடும் முன்பே மின்தேக்கியில் 2 வோல்ட் இருப்பதாகக் கொள்வோம். பேட்டரியின் 10 வோல்ட்டை மின்தடையும் மின்தேக்கியும் பகிர்ந்துகொள்கின்றன. மின்தேக்கியின் அழுத்தம் v என்றால், மின்தடையின் பங்கு RC × dv/dt. இங்கே RC என்பது 5000 × 0.0001, அதாவது 0.5 வினாடி. ஆகவே 0.5 dv/dt + v = 10. இதை இரண்டால் பெருக்கினால்:

```
dv/dt + 2v = 20,   v(0) = 2
```

இதில் v தெரியாது; அது மாறும் வேகமும் தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதுதான் சிக்கல். கால்குலேட்டர் வராத காலத்தில் பெரிய எண்களைப் பெருக்க மடக்கை அட்டவணையைப் புரட்டினார்கள். பெருக்கல் கூட்டலாக மாறும். கூட்டிய பின் அதே அட்டவணை வழியாகத் திரும்பி வந்தால் விடை. லாப்லாஸ் முறையும் அப்படிப்பட்டதுதான். நேரம் t-இல் அமைந்த வகைக்கெழுச் சமன்பாட்டை s என்ற மாறியில் அமைந்த சாதாரண இயற்கணிதமாக மாற்றித் தருகிறது. விரிவுரையில் தரப்படும் நீண்ட அட்டவணையில் நமக்கு மூன்று வரிகள் போதும்:

```
t-இல்         s-இல்
1             1/s
e^(-at)       1/(s+a)
dv/dt         sV - v(0)
```

மூன்றாவது வரிதான் முறையின் உயிர். மாறும் வேகம் என்பது s-ஆல் பெருக்குவதாகிவிடுகிறது. தொடக்க மதிப்பும் கூடவே சமன்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர் d/dt என்பதை ஓர் எண்ணைப் போலவே கையாண்டு மின்சுற்றுகளுக்கு விடை கண்டார். நிரூபணம் எங்கே என்று கணித அறிஞர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த முறைக்கு உறுதியான அடித்தளத்தைப் பின்னாளில் லாப்லாஸின் தொகையீடு தந்தது.

இனி ஒவ்வோர் உறுப்பையும் அட்டவணைப்படி மாற்றுவோம்:

```
sV - 2 + 2V = 20/s
V = 2/(s+2) + 20/(s(s+2))
```

முதல் உறுப்பு அட்டவணையில் அப்படியே இருக்கிறது, இரண்டாவது இல்லை. அதைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால் 10/s - 10/(s+2) கிடைக்கும். பிரிப்பதன் நோக்கமே ஒவ்வொரு துண்டும் அட்டவணையின் ஏதாவது ஒரு வரியோடு பொருந்த வேண்டும் என்பதுதான். இப்போது சேர்த்தெழுதி, அட்டவணையை வலமிருந்து இடமாகப் படிக்கலாம்:

```
V = 10/s - 8/(s+2)
v = 10 - 8e^(-2t)
```

அரை வினாடியில் அழுத்தம் சுமார் 7.06 வோல்ட், இரண்டரை வினாடியில் 9.95 வோல்ட்.

விடை சரிதானா என்று பார்க்க இரண்டு முனைகளைச் சோதித்தால் போதும். t = 0 என்றால் 2 வர வேண்டும்; வெகுநேரம் கழித்து 10 வர வேண்டும். மூன்றாவது வரியில் v(0)-ஐ எழுத மறந்தவருக்கு 10 - 10e^(-2t) என்று வரும். இறுதி மதிப்பு சரியாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாது; t = 0 போட்டதும் 2-க்குப் பதில் பூச்சியம் வந்து காட்டிக்கொடுக்கும். குறி மாறி e^(2t) என்று எழுதியவருக்கோ எண் எல்லையின்றி ஓடும். 10 வோல்ட் பேட்டரியும் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் மட்டுமே உள்ள சுற்றில் அது நடக்கவே நடக்காது.

பழகியவர்கள் V-இன் பகுதிகளைப் பார்த்தே சுற்றின் போக்கைச் சொல்லிவிடுவார்கள். s என்ற பகுதி பேட்டரியிலிருந்து வந்தது. அது நிலையாக நிற்கும் 10 வோல்ட். s+2 என்ற பகுதி மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்து தந்தது. அது காலப்போக்கில் தேய்ந்து மறையும் பங்கு. பேட்டரியை எடுத்துவிட்டு மாறுமின்னோட்டம் கொடுத்தால் 20/s மட்டும் மாறி அந்த இடத்தில் சைன் வரி வரும். s+2 அப்படியே இருக்கும்.

ஆனால் சுற்றில் ஒரு டையோடைச் சேர்த்தால் இந்த வழி அடைபட்டுவிடும். டையோடின் மின்னோட்டம் அதன் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. எனவே சமன்பாட்டை உறுப்பு உறுப்பாகப் பிரித்து மாற்ற முடியாது. உறுப்புகள் நேரியல்பாக இருக்கும்வரைதான் அட்டவணையின் ஆட்சி.