மழைத் தள்ளுபடிப் பலகையில் சைஸ் எங்கே?

தீபாவளி முடிந்து வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போது செருப்புக்கடைகளில் கிளியரன்ஸ் பலகைகள் முளைக்கும். வாசல் பேனரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: ‘மழைக்காலச் சிறப்பு விற்பனை! 50% வரை தள்ளுபடி!’ கீழே பொடி எழுத்தில் ‘குறிப்பிட்ட சைஸ்களில் மட்டும். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’ வாங்குகிறவருக்கு உண்மையில் தேவையான இரண்டு தகவல்களும் அந்தப் பொடி எழுத்துக்குள்தான் இருக்கின்றன.

கிளியரன்ஸுக்கு வரும் சரக்கு எப்படிப்பட்டது என்று பார்த்தால் காரணம் புரியும். ஒரு மாடல் கடைக்கு வரும்போது எல்லா சைஸும் கலந்து வரும். ஆண்கள் செருப்பில் 7, 8, 9 முதலில் விற்றுப்போகும். கடைசியில் தேங்குவது 6-ம் 10-ம். அதிலும் ஒன்றிரண்டு ஜோடிகள். தள்ளுபடி போடுவதே இந்த உதிரி ஜோடிகளைத் தள்ளிவிடத்தான். அதில் தவறில்லை. ஆனால், 8-ம் நம்பர்காரர் மழையில் நனைந்துகொண்டு கடைக்கு வந்தபிறகு ‘அந்த சைஸ் இல்லை சார், வேற மாடல் பாருங்க’ என்பது சரியில்லை. 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன. அறிவித்த விலையில் விற்கப் போதிய சரக்கு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கடையில் ஆண்களுக்கான மழைச் செருப்பு ஒரு மாடல் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதினால் பலகை இப்படி இருக்கும்:

‘ஆண்கள் மழைச் செருப்பு. எம்.ஆர்.பி. ரூ.599, இப்போது ரூ.399. இந்திய சைஸ் 6, 7, 10 மட்டும். 8, 9 தீர்ந்துவிட்டன. சைஸ் சரியில்லையா? வெளியே அணியாமல், பில்லுடன் 7 நாளில் கொண்டுவாருங்கள். இருக்கும் சைஸில் மாற்றலாம். அது இல்லாவிட்டால் அதே தொகைக்கு வேறு மாடல். ஒட்டு விட்டாலோ அடி வெடித்தாலோ 30 நாளில் மாற்றித் தருவோம் அல்லது பணம் தருவோம்.’

‘இந்திய சைஸ்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பெட்டியில் 8 என்றும் 42 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். நம் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் அளவு. அதில் ஒரு எண் கூடினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். ஒரு நம்பர் தள்ளி வாங்கி ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று சமாளிக்க முடியாத வித்தியாசம் அது. ரப்பர், பிளாஸ்டிக் செருப்புகள் தோலைப் போல நெகிழ்ந்தும் கொடுக்காது.

மாற்றித் தருவதில்தான் பல கடைகள் வழுக்குகின்றன. ‘7 நாளில் எக்ஸ்சேஞ்ச் உண்டு’ என்கிறார்கள். ஆனால், கடையில் இருப்பதே மூன்று சைஸ் என்றால் எதற்கு மாற்றுவது? அதனால்தான் ‘வேறு மாடல்’ என்ற வரி வேண்டும். அது இல்லாத எக்ஸ்சேஞ்ச் வாக்குறுதி, கிளியரன்ஸில் பாதி வெறுமை.

சைஸ் பொருந்தாதது வேறு, பொருள் பழுதாக இருப்பது வேறு. முதலாவதற்கு மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனசு, இரண்டாவது சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் பழுதான பொருளை அந்த வரியைக் காட்டி மறுக்க முடியாது.

கிளியரன்ஸில் இந்தப் பழுது நிஜமான கவலை. பி.யு. எனப்படும் பாலியூரிதேன் அடிப்பாகம் கொண்ட செருப்பும் ஷூவும் ஈரப்பதமான குடோனில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், யாரும் அணியாமலேயே உள்ளுக்குள் சிதையத் தொடங்கும். மேலே புத்தம்புதிதாகத் தெரியும். நாலு நாள் நடந்தால் அடி கேக் போல உதிரும். கடையிலேயே கண்டுபிடிக்கலாம். அடியைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பள்ளம் மீளாமல் நின்றாலோ வேண்டாம். பாதம் மடங்கும் இடத்தில் இரண்டு முறை வளைத்து, மயிரிழை விரிசல் விழுகிறதா என்று பாருங்கள். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். மூன்று, நான்கு ஆண்டு பழசு என்றால் பாதி விலைக்கும் வாங்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் தள்ளுபடிப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் அந்த நிபந்தனைகள் பெரும்பாலும் இருக்காது. பழுதான ஜோடியைக் கடை வாங்க மறுத்தால், பில்லையும் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.