காற்று தலைகீழாக்கும் கணக்கு

“சார், கிடங்குக் கூரை டிரஸ் கணக்கை அனுப்பியிருக்கிறேன். எடுத்துக்கொண்ட அனுமானங்களையும் கூட்டலையும் பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று தொடங்குகிறது இளம் பொறியாளரின் மின்னஞ்சல்.

டிரஸ்ஸின் நீளம் 12 மீட்டர், நடு உயரம் 2 மீட்டர். இரண்டு டிரஸ்களுக்கு இடையே 4 மீட்டர். தகடு, இரும்பு எடை சதுர மீட்டருக்கு 25 கிலோ. மேலே ஆள் ஏறும் பாரம் 55 கிலோ. மொத்தம் 3,840 கிலோ. ஒவ்வொரு முனையும் 1,920 கிலோ தாங்கும். நடுவில் வெட்டிப் பார்த்தால் அடிக்கம்பியில் 2,880 கிலோ இழுவிசை.

மூத்தவர் கூட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரி.

ஆனால் அனுமானப் பட்டியலில் காற்று இல்லை! ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி அதைக் கணக்கிட்டே ஆகவேண்டும். புயற்காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். அது 75 கிலோ என்றால், சொந்த எடை 25 போக, 50 கிலோ மேலே தூக்கும். அப்போது அதே அடிக்கம்பியில் ஏறக்குறைய 1,800 கிலோ அமுக்குவிசை. விசை குறைவுதான், ஆபத்தோ அதிகம். இழுத்தால் தாங்கும் மெல்லிய கம்பி, அமுக்கினால் வளைந்து ஒடியும்.

“அடிக்கம்பிக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு எங்கெங்கே? தூணோடு பிணைக்கும் போல்ட் மேல்நோக்கிய இழுப்பைத் தாங்குமா?” என்று பதில் போகிறது.