தாமதம் எத்தனை மில்லி விநாடி என்பதல்ல, அது எத்தனை புள்ளியைத் தின்கிறது என்பதே கேள்வி

சென்னையில் வீட்டில் இருந்தபடி, புரோக்கர் தரும் ஏபிஐ வழியாக நிஃப்டி ஃபியூச்சர்ஸில் தானியங்கி வர்த்தகம் செய்பவர்கள் பலர் முதலில் கேட்பது, "என் பிங் 25 மில்லி விநாடி, இது போதுமா?" என்பதைத்தான். இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. 25 மில்லி விநாடி சில உத்திகளுக்கு மிக அதிகம். வேறு சில உத்திகளுக்கு 25 விநாடி தாமதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஓர் உத்தி வீட்டு இணைப்புக்கு மிஞ்சிய வேகமா என்பதைத் தீர்மானிக்க இரண்டு அளவுகள் சேர்ந்து வேண்டும். சிக்னல் தோன்றியதில் இருந்து ஆர்டர் சந்தையைச் சேரும்வரை ஆகும் நேரம் ஒன்று. அந்த நேரத்துக்குள் உத்தியின் லாபத்தில் எவ்வளவு கரைகிறது என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் அளந்துவிட்டு முடிவெடுப்பவர்கள் இணையத் திட்டத்தை மாற்றிப் பணம் செலவழிக்கிறார்கள்; இரண்டாவதை அளப்பவர்கள் பெரும்பாலும் உத்தியை மாற்றுகிறார்கள்.

பிங் காட்டும் எண்ணிலேயே ஒரு பொறி இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தை மும்பையின் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இயங்குகிறது. சென்னையில் இருந்து அது நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,030 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ விநாடி எடுக்கும் என்பதால், போய்வர 10 மில்லி விநாடிக்குக் குறைய வழியே இல்லை. கேபிள் வளைந்து செல்லும் பாதையும் இடையிலுள்ள ரௌட்டர்களும் சேர்ந்தால் அது இரண்டு, மூன்று மடங்காகும். ஆனால் புரோக்கரின் ஏபிஐ முகவரிக்கு பிங் கொடுத்து 3 மில்லி விநாடி என்று வந்தால் மகிழக் கூடாது. பல நிறுவனங்களின் முகவரிக்கு முன்னால் ஒரு சிடிஎன் நிற்கிறது. பதில் சொன்னது சென்னையிலேயே உள்ள அதன் சர்வராக இருக்கலாம். ஆர்டர் அங்கிருந்து புரோக்கரின் சர்வருக்குப் போய், மார்ஜின் போதுமா என்ற சரிபார்ப்பைத் தாண்டி, சந்தைக்குச் செல்லும் நேரம் எதுவும் பிங்கில் தெரியாது. மொத்தத் தாமதத்தில் பெரும்பங்கு இருப்பதோ பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியில்தான்.

ஆகவே தாமதத்தை ஆர்டரின் பாதையிலேயே அளக்க வேண்டும். விலைத் தகவல் கணினிக்கு வந்த கணம், நிரல் முடிவெடுத்து ஆர்டரை அனுப்பிய கணம், புரோக்கரிடம் இருந்து பதில் வந்த கணம், ஆர்டர் நிறைவேறியதாக வெப்சாக்கெட்டில் செய்தி வந்த கணம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு ஆர்டருக்கும் பதிவு செய்தால் போதும். இவற்றின் இடைவெளிகளைக் கணக்கிட பைத்தானில் `time.perf_counter_ns()` போல முன்னோக்கி மட்டுமே ஓடும் கடிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். சாதாரண நேரம் நடுவில் திருத்தப்பட்டால் கழித்தல் கணக்கு பொய்யாகிவிடும். கடைசிக் கணம், செய்தி திரும்பி வரும் நேரத்தையும் உள்ளடக்கியது என்பதால், அது உண்மைத் தாமதத்தைச் சற்று கூட்டியே காட்டும். கூட்டிக் காட்டும் அளவு முடிவெடுக்க உதவும், குறைத்துக் காட்டும் அளவு ஏமாற்றும். அதனால் இதை ஏற்கலாம்.

பலரும் அளக்காமல் விடுவது, விலைத் தகவல் நம்மை வந்தடையும்போதே எவ்வளவு பழையது என்பதை. சில்லறை வர்த்தகருக்குப் புரோக்கர் அனுப்புவது ஒவ்வொரு வர்த்தகத்தையும் அல்ல, இடைவெளி விட்டு எடுத்த சுருக்கப் படங்களைத்தான். அதில் சந்தை இட்ட நேர முத்திரை பெரும்பாலும் முழு விநாடியில்தான் இருக்கும், பின்னம் வெட்டப்பட்டிருக்கும். அப்படியும் அதை அளக்க ஒரு வழி உண்டு. கணினிக் கடிகாரத்தை என்டிபி சர்வருடன் ஒத்திசைத்து, `chronyc tracking` கட்டளையில் பிழை சில மில்லி விநாடிக்குள் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு, தகவல் வந்த நேரத்தில் இருந்து சந்தையின் முத்திரையைக் கழித்து ஆயிரக்கணக்கான மதிப்புகளைச் சேருங்கள். உண்மைத் தாமதம் 0.3 விநாடி என்றால், வெட்டப்பட்ட பின்னத்தால் இந்த மதிப்புகள் 0.3 முதல் 1.3 வரை ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்கும். சராசரியில் இருந்து அரை விநாடியைக் கழித்தால் தகவலின் சராசரி வயது கிடைத்துவிடும். நிஃப்டி ஃபியூச்சர்ஸ் போல இடைவிடாது வர்த்தகமாகும் ஒன்றில் மட்டுமே இது செல்லும். எப்போதாவது வர்த்தகமாகும் ஆப்ஷனில் பழைய முத்திரையே திரும்பத் திரும்ப வரும்.

இனி விலைப் பக்கம். ஸ்லிப்பேஜ் என்பதை முடிவெடுத்த கணத்தின் விலைக்கும் உண்மையில் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசமாக அளப்பது 1988-ல் ஆந்த்ரே பெரோல்ட் எழுதிய கட்டுரையில் இருந்து நிலைபெற்ற வழி. காகிதக் கணக்கில் வரும் லாபத்துக்கும் நிஜக் கணக்கில் வரும் லாபத்துக்கும் இடையிலான பள்ளத்தை அவர் அளந்தார். இங்கே அதை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். சிக்னல் கணத்தில் சிறந்த வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும்; ஆர்டர் நிறைவேறிய செய்தி வந்தபோதைய நடுவிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். வாங்கும்போது இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் வருவது தாமதத்தின் விலை. விற்கும்போது குறியை மாற்றிக்கொள்ளலாம். கிடைத்த விலைக்கும் அந்த இரண்டாவது நடுவிலைக்கும் உள்ள வித்தியாசம் வாங்கல்-விற்றல் இடைவெளியின் பங்கு. இந்த இரண்டாவது பகுதியை எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் குறைக்க முடியாது. மொத்த ஸ்லிப்பேஜைப் பார்த்து இணைப்பைக் குறை சொல்பவர்கள் பலருக்கு, பிரித்துப் பார்த்தால் குற்றவாளி இந்த இடைவெளியாகத்தான் இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். விலை ஓர் எல்லையை உடைத்ததும் நுழைந்து, சில நிமிடத்தில் வெளியேறும் உத்தி ஒன்று. வரியும் கட்டணமும் போக, நடுவிலையில் கணக்கிட்டால் ஒரு வர்த்தகத்துக்குச் சராசரியாக 4 புள்ளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியின் பங்கு நுழையும்போது அரைப் புள்ளி, வெளியேறும்போது அரைப் புள்ளி என 1 புள்ளி போனது. 100 வர்த்தகங்களில் 80-ல் மொத்தத் தாமதம் 0.2 விநாடி, அவற்றில் விலை நமக்கு எதிராக 0.8 புள்ளி நகர்ந்திருந்தது. மீதி 20-ல் தாமதம் 1.2 விநாடி, எதிர் நகர்வு 6 புள்ளி. சராசரித் தாமதம் 0.4 விநாடிதான், 0.2 விநாடிக்கு 0.8 புள்ளி என்ற விகிதத்தில் மதிப்பிட்டால் 1.6 புள்ளி என்று தோன்றும். உண்மையான சராசரி 1.84. அந்த 1.84-ல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அந்த 20 வர்த்தகங்களில் இருந்து மட்டுமே வருகிறது. வெளியேறும்போது இன்னொரு 0.9 போனால், கையில் மிஞ்சுவது 0.26 புள்ளி.

அந்த 20 வர்த்தகங்கள் தற்செயலானவை அல்ல. சந்தை 9.15-க்குத் திறக்கும்போதும், எல்லோருக்கும் தெரிந்த ஓர் எல்லையை விலை உடைக்கும்போதும் எல்லா நிரல்களும் ஒரே கணத்தில் ஆர்டர் அனுப்புகின்றன. புரோக்கரின் சர்வரில் வரிசை நீள்வதும் விலை பாய்வதும் அதே நிமிடத்தில் நடக்கின்றன. தாமதம் கூடும் நேரமும் தாமதம் விலையுயர்ந்ததாகும் நேரமும் ஒன்றே. இதனால்தான் தாமதத்தின் சராசரியோ இடைநிலையோ போதாது, 95-ஆவது, 99-ஆவது சதமானங்களைப் பார்க்க வேண்டும். பேக்டெஸ்டில் எல்லா வர்த்தகத்துக்கும் ஒரே ஸ்லிப்பேஜைக் கழிக்கும் வழக்கமும் இதே காரணத்தால் தவறுகிறது: நல்ல லாபம் தரவேண்டிய வர்த்தகத்திலேதான் நிஜத்தில் அதிகம் கழிகிறது.

"லிமிட் ஆர்டர் போட்டால் ஸ்லிப்பேஜ் பூஜ்யம்தானே" என்று ஒருவர் கேட்கலாம். நிறைவேறிய ஆர்டர்களை மட்டும் எண்ணினால் பூஜ்யம்தான். ஆனால் உடைப்பு உத்தியில் விலை நமக்குச் சாதகமாகப் பறந்தபோது லிமிட் ஆர்டர் நிறைவேறாமல் நின்றுவிடும். விலை திரும்பி விழுந்தபோது மட்டும் தவறாமல் நிறைவேறும். நிறைவேறாத ஒவ்வொரு ஆர்டருக்கும், வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை அதே பதிவேட்டில் செலவாக எழுத வேண்டும். அப்படி எழுதினால் தாமதத்தின் விலை வேறொரு பத்தியில் மீண்டும் வந்து நிற்பதைக் காணலாம்.

மும்பையில் ஒரு மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுத்தால் போதாதா என்பது இதைவிட வலுவான மறுப்பு. அது சென்னை-மும்பை பயணத்தின் 20, 30 மில்லி விநாடியையும், வீட்டு வைஃபையின் தடுமாற்றத்தையும், மின்வெட்டு அபாயத்தையும் நீக்கும். செபியின் 2025 பிப்ரவரி சுற்றறிக்கையின்படி ஏபிஐ ஆர்டர்கள் பதிவு செய்த நிலையான ஐபி முகவரியில் இருந்து வர வேண்டும் என்பதால், மாறும் ஐபி உள்ள வீட்டு இணைப்பை விட்டு நகர அதுவே ஒரு காரணம். ஆனால் சுருக்கப் படத்தின் வயதும் புரோக்கரின் சரிபார்ப்பு வரிசையும் அப்படியே இருக்கும். மேலே கண்ட 1.2 விநாடித் தாமதம் புரோக்கரின் வரிசையில் இருந்து வந்தது என்றால், சர்வரை மாற்றியும் அது 1.17 விநாடியாகத்தான் குறையும். 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்குவதோ அதையும் செய்யாது. ஆர்டர் சில நூறு எழுத்து நீளமுள்ள செய்தி, அதற்குக் குழாயின் அகலம் தடையே அல்ல.

சந்தையின் வளாகத்துக்குள்ளேயே சர்வர் வைத்திருக்கும் கோலொகேஷன் நிறுவனங்கள் மைக்ரோ விநாடியில் இயங்கும்போது வீட்டில் இருந்து எதுவும் செய்ய முடியாது என்ற எதிர்முனை வாதமும் சரியல்ல. அவர்கள் போட்டியிடுவது சில மில்லி விநாடியில் மறையும் விலை வித்தியாசங்களுக்கு. ஒரு மணி நேரம் வைத்திருந்து 40 புள்ளியை எதிர்நோக்கும் உத்திக்கு அவர்கள் போட்டியாளர்களே அல்லர்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. குறைந்தபட்ச அளவான ஒரே லாட்டில் உத்தியை ஓட்டுங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் நிரல் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, பாதி ஆர்டர்களை உடனே அனுப்பட்டும், பாதியை வேண்டுமென்றே ஒரு விநாடி தாமதித்து அனுப்பட்டும். இரண்டு குழுக்களிலும் தாமதத்தின் விலையை மட்டும் ஒப்பிடுங்கள், லாபத்தை அல்ல. லாபம் ஒரு வர்த்தகத்துக்கு 15 புள்ளி ஏறி இறங்கும் என்றால், 100 வர்த்தகங்களின் சராசரியில் 1.5 புள்ளி ஐயம் இருக்கும், 0.26 புள்ளி லாபத்தை அதில் கண்டுபிடிக்கவே முடியாது. தாமதத்தின் விலை 3 புள்ளிதான் ஏறி இறங்கும் என்றால், குழுவுக்கு 100 ஆர்டர் இருந்தாலே வித்தியாசத்தின் ஐயம் 0.4 புள்ளியாகச் சுருங்கிவிடும். காகித வர்த்தகத்தில் இதைச் செய்து பயனில்லை; அங்கே ஆர்டர் எந்த வரிசையிலும் நிற்பதில்லை.

கூடுதலாகச் சேர்த்த ஒரு விநாடி வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை என்றால், இணைப்புக்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். அந்த ஒரு விநாடி, செலவெல்லாம் போக மிஞ்சும் லாபத்தில் பாதிக்கு மேல் தின்றால், அந்த உத்தி வீட்டு இணைப்புக்கு உரியதல்ல. வைத்திருக்கும் நேரத்தை நீட்டி மாற்றி எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். எதுவாயினும், இந்தச் சோதனை முடியும்வரை லாட்டின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.