காசு போன பாதை – 11: வராத மெக்கானிக், வந்துவிட்ட மெசேஜ்

"உங்கள் சர்வீஸ் வெற்றிகரமாக முடிந்தது. எங்களுக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?" மார்ச் 18-ஆம் தேதி மாலை திருநெல்வேலி வாசகி ஒருவருக்கு இப்படி ஒரு மெசேஜ் வந்தது. அன்று அவர் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. தண்ணீர் ப்யூரிஃபையர் பழைய ஃபில்டரோடு அப்படியேதான் இருந்தது.

ப்யூரிஃபையருக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, ஒன்றை மார்ச் 3-ஆம் தேதி இணையதளத்தில் வாங்கியிருந்தார். கட்டணம் 2,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 450 ரூபாய், ஆக 2,950 ரூபாய் கிரெடிட் கார்டில் போனது. 15 நாளுக்குள் முதல் விசிட், அதிலேயே ஃபில்டர் மாற்றித் தருவோம் என்பது ஆர்டர் மெயிலில் இருந்த வாக்கு. கஸ்டமர் கேரில் யார் எடுத்தாலும் ஒரே பதில்தான்: "சிஸ்டத்துல கம்ப்ளீட்னு காட்டுது மேடம்."

எப்படிக் காட்டுகிறது? அன்று மதியம் மெக்கானிக் போன் செய்திருக்கிறார். "ஸ்பேர் கையில இல்லக்கா, சாயங்காலம் எடுத்துட்டு வர்றேன். புக்கிங் லேப்ஸ் ஆயிடும், ஓடிபி மட்டும் சொல்லிடுங்க." இவரும் சொல்லிவிட்டார். வேலை முடிந்த பிறகு கொடுக்க வேண்டிய அந்த ஓடிபியை வாங்கிப் போட்டதும் கம்பெனிக் கணக்கில் வேலை முடிந்ததாகப் பதிவாகிவிட்டது. சில கம்பெனிகள் இதற்கு 'ஹாப்பி கோட்' என்று பெயர் வைத்திருக்கின்றன. யாருக்கு ஹாப்பி என்று கேட்காதீர்கள்.

பொருள் வரவில்லை என்றால் கூரியர் டிராக்கிங் சாட்சி சொல்லும். ஆள் வரவில்லை என்பதற்கு என்ன சாட்சி? இந்த வகை ரீஃபண்டில் சிக்கலே இதுதான். வாசகி ப்யூரிஃபையரின் மூடியைத் திறந்து படம் எடுத்தார். பழுப்பேறிப்போன செடிமென்ட் ஃபில்டரின் மேல் போன தடவை வந்த மெக்கானிக் மார்க்கர் பேனாவில் எழுதிய '12/9' தெளிவாகத் தெரிந்தது. அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி எழுதும் விசிட்டர் நோட்டில் மார்ச் 18-ஆம் தேதிப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டார். மெக்கானிக் பேசிய நேரம் போனின் கால் லிஸ்ட்டில் இருந்தது. ஓடிபி என்பது ஓர் எண், அவ்வளவுதான். வேலை நடந்திருந்தால் கையெழுத்துப் போட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டும், மாட்டிய ஃபில்டர் எது என்ற விவரமும் கம்பெனியிடம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதுதான் சரியான வழி.

அடுத்தது பாலிசி. 'வாங்கிய 7 நாளுக்குப் பிறகு கேன்சல் செய்தால் பணம் திரும்பாது' என்று அவர்கள் தளத்தில் இருக்கிறது. இது வாடிக்கையாளர் மனம் மாறி வேண்டாம் என்று சொல்வதற்கான விதி. இங்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாங்கியதைத் தரவில்லை. ஆகவே ஆப்பில் உள்ள 'கேன்சல்' பட்டனைத் தொடக்கூடாது. தொட்டால் நீங்களாக விலகியதாகக் கணக்காகும். காரணம் கேட்கும் பட்டியலிலும் 'சேவை கிடைக்கவில்லை' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலிசிப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பக்கங்கள் சத்தமில்லாமல் மாறும்.

கஸ்டமர் கேரில் தொண்டை வறளப் பேசுவதை நிறுத்திவிட்டு கிரீவன்ஸ் ஆபீசருக்கு எழுதச் சொன்னேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் கிடக்கும். மார்ச் 24-ஆம் தேதி போன மெயில் இது:

"குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு, வணக்கம்.

மார்ச் 3 அன்று நான் வாங்கிய ஏஎம்சிக்கு (ஆர்டர் எண்ணும் இன்வாய்ஸும் இணைப்பில்) ரூ.2,950 செலுத்தினேன். உங்கள் ஆர்டர் மெயிலின்படி மார்ச் 18-க்குள் முதல் விசிட் நடந்து ஃபில்டர் மாற்றப்பட்டிருக்க வேண்டும். இன்றுவரை யாரும் வரவில்லை.

மார்ச் 18 அன்று வேலை முடிந்ததாக உங்கள் பதிவு சொல்கிறது. அது தவறு. மாலையில் வருவதாகச் சொல்லி மெக்கானிக் போனில் ஓடிபி வாங்கினார், பிறகு வரவில்லை. மாற்றப்படாத ஃபில்டரின் படம், விசிட்டர் பதிவேடு, அழைப்புப் பட்டியல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். வேலை நடந்தது என்றால் என் கையெழுத்துள்ள சர்வீஸ் ரிப்போர்ட்டை அனுப்பவும்.

இது கேன்சல் கோரிக்கை அல்ல. உங்கள் 7 நாள் விதி இதற்குப் பொருந்தாது. சொன்ன நாளில் தராத சேவைக்குப் பணத்தைத் திருப்ப மறுக்கக்கூடாது என்று மின்வணிக விதிகள் 2020 கூறுகின்றன. வரி உட்பட ரூ.2,950 முழுவதையும் பணம் செலுத்திய அதே கார்டுக்குத் திருப்பவும். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்."

கோபம் இல்லை, பூர்வ கதை இல்லை. தேதி, தொகை, வாக்கு, ஆதாரம், கேட்பது என்ன என்பது மட்டும் இருக்கிறது. அதே விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர்கள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஒப்புகை வந்தது. அதற்கடுத்த மெயிலில் ஒரு தூண்டில்: 2,950 ரூபாய்க்கு 'காயின்' தருகிறோம், எங்கள் தளத்திலேயே செலவு செய்யலாம். சம்மதிக்கத் தேவையில்லை. பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, வாடிக்கையாளர் வேறு வழிக்கு ஒப்புக்கொண்டால் தவிர, பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். சும்மா இருக்கட்டுமே என்று 'சரி' தட்டினால் அதுவே ஒப்புதல் ஆகிவிடும்.

மறுத்து எழுதியதும் 2,500 ரூபாய் மட்டும் கார்டுக்கு வந்தது. ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டிவிட்டோம், அதைத் தர முடியாது என்றார்கள். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் சரியில்லை. இன்வாய்ஸ் போட்ட சேவை தரப்படாமல் போனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட் போட்டு, கட்டிய வரியை அவர்கள் கணக்கில் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை அவகாசமும் உண்டு. கிரெடிட் நோட்டைக் கேட்டு வாசகி இரண்டு வரி எழுதினார். மீதி 450 ரூபாயும் வந்து சேர்ந்தது.

வராமல் போயிருந்தால்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். கார்டில் கட்டியவர்களுக்கு வங்கி வழியாக சார்ஜ்பேக் என்னும் வழியும் உண்டு. சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்துக்கு, கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் கணக்கு. வாசகிக்கு அது ஜூலை 16. வங்கி இன்னும் முன்னதாகக் கேட்கலாம் என்பதால் கடைசி நாள்வரை காத்திருப்பது வீண் வம்பு. முதலில் விற்றவரிடம் கேட்டீர்களா என்று வங்கி கேட்கும்போது மேலே உள்ள மெயில்தான் பதில். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இன்னொன்று. ரீஃபண்டுக்காகக் கூகுளில் தேடிக் கிடைத்த நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். போலி கஸ்டமர் கேர் கும்பல் வலை விரித்திருப்பது அங்கேதான். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் போடும் வேலையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று பொருள். போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

(தொடரும்)