ஒன்றரைக் கோடி வந்தது, பையன் கோடீஸ்வரன் ஆகவில்லை

'எங்கள் நிறுவனத்துக்கு முதல் முதலீடு ஒன்றரைக் கோடி ரூபாய் கிடைத்திருக்கிறது. பொருள் முழுசாகத் தயாராகும் முன்பே நம்பி வாங்கியவர்களுக்கும், குறைந்த சம்பளத்தில் எங்களோடு நின்றவர்களுக்கும் நன்றி. வேலை இனிமேல்தான் இருக்கிறது.'

சின்ன ஸ்டார்ட்அப் ஒன்றின் நிறுவனர் இப்படி ஓர் அறிவிப்பு எழுதியதும் சொந்தக்காரர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி 'எப்போ ட்ரீட்?' என்பதுதான். அடுத்தது, 'சொந்த வீடு வாங்கிடலாமே?' சந்தோஷமான சேதிதான், இவர் ஏன் இவ்வளவு அடக்கி வாசிக்கிறார் என்றும் தோன்றும். அது வெறும் தன்னடக்கம் இல்லை. இந்தப் பணம் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கோவையில் இரண்டு நண்பர்கள், தோட்டத்து மோட்டாரை போனிலிருந்தே ஓடவிட்டு நிறுத்தும் கருவி செய்கிறார்கள். கம்பெனியில் மொத்தம் 10,000 பங்குகள், ஆளுக்குப் பாதி. கம்பெனியின் மதிப்பு 6 கோடி என்று முதலீட்டாளரோடு பேசி முடிவாகிறது. அப்படியானால் ஒரு பங்கின் விலை 6,000 ரூபாய். ஒன்றரைக் கோடிக்கு 2,500 பங்குகளைப் புதிதாக வெளியிட்டு முதலீட்டாளருக்குக் கொடுக்கிறார்கள். மொத்தப் பங்குகள் இப்போது 12,500. அதில் முதலீட்டாளருக்கு 20 சதவீதம், நண்பர்களுக்கு ஆளுக்கு 40.

பணம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. நண்பர்களின் சட்டைப் பைக்கு ஒரு ரூபாய்கூட வராது. அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் மட்டும், அதையும் முதலீட்டாளர் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். ஆகவே 'ஒன்றரைக் கோடி கிடைத்தது' என்பதைக் 'கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்கை விற்றோம்' என்றும் படிக்கலாம். 'ஏழரைக் கோடி மதிப்புள்ள நிறுவனம்' என்று பேச்சு கிளம்பும். அந்த விலை 2,500 பங்குகளுக்கு ஒருவர் கொடுத்தது. மொத்தக் கம்பெனியையும் அந்த விலைக்கு வாங்க இன்னும் யாரும் வரவில்லை.

விற்ற விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலீட்டாளர் வாங்குவது பெரும்பாலும் சாதாரணப் பங்கு அல்ல, முன்னுரிமைப் பங்கு. பின்னாளில் கம்பெனி விலைபோனால், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. நம் கோவைக் கம்பெனி சரியாகப் போகாமல் 3 கோடிக்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதக் கணக்குப்படி முதலீட்டாளருக்கு 60 லட்சம் வர வேண்டும். ஆனால் அவர் ஒன்றரைக் கோடியை எடுத்துக்கொள்வார், மிச்சம்தான் மற்றவர்களுக்கு. விலை ஏழரைக் கோடியைத் தாண்டினால் மட்டுமே அவருக்கு 20 சதவீதப் பங்காக மாற்றிக்கொள்வது லாபம். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஈடு எதுவும் கேட்காமல், போனால் போகட்டும் என்று போடும் பணத்துக்கு அவர் கேட்டு வாங்கும் பாதுகாப்பு அது. ஆனால் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவருக்கு ஆரவாரமாக அறிவிப்பு எழுத மனம் வராது.

பேச்சு முடிந்து பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். முதலில் 'டேர்ம் ஷீட்' என்ற சில பக்கக் காகிதம் வரும். அதில் ரகசியம் காப்பது, வேறு முதலீட்டாளரிடம் பேசாமல் இருப்பது போன்ற ஒன்றிரண்டு ஷரத்துகளைத் தவிர மற்றவை பொதுவாக யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அந்தக் காகிதம் கைக்கு வந்ததுமே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு விழிப்பவர்கள் உண்டு. ஏனென்றால் அதற்குப் பிறகுதான் வக்கீலும் ஆடிட்டரும் கம்பெனியைத் துருவுகிறார்கள். ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, பெயர் பதிவாகியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கோட்டை விடுகிற இடங்கள் வேறு. மென்பொருளை எழுதிக்கொடுத்த நண்பர் அதன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதித் தந்திருக்க மாட்டார். தொடக்கத்தில் கூட இருந்துவிட்டு ஆறே மாதத்தில் விலகியவர் பெயரில் 30 சதவீதப் பங்கு தூங்கிக்கொண்டிருக்கும். மாமா கொடுத்த ஐந்து லட்சம் கடனா, பங்கா என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. இவற்றைச் சரிசெய்யாமல் பணம் வராது.

வந்த பிறகும் உடனே தொட முடியாது. இந்தியக் கம்பெனிச் சட்டப்படி அது தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பங்குகளை ஒதுக்கி, அந்த விவரத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்த பிறகே செலவு செய்யலாம். விவரம் தெரிந்தவர்கள் அதுவரை வாய் திறப்பதில்லை.

இனி செலவுக் கணக்கு. புதிதாக ஆட்களை எடுத்ததும் நம் நண்பர்களுக்கு மாதம் 10 லட்சம் செலவாகிறது, விற்பனையில் 2 லட்சம் வருகிறது. மாதா மாதம் துண்டு விழுவது 8 லட்சம். ஒன்றரைக் கோடி அப்படியானால் 18 மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அடுத்த முதலீடு திரட்ட ஆறு மாதமாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, கருவி விற்கும் என்று நிரூபிக்க அவர்களிடம் இருப்பது ஓராண்டு. 'வேலை இனிமேல்தான்' என்ற வரி அந்தக் கணக்கிலிருந்து வருவது. முதலீட்டாளர் பணத்தை இரண்டு தவணையாக, இத்தனை கருவி விற்ற பிறகு பாதி என்று பிரித்திருந்தால் இன்னும் நெருக்கடி. அறிவிப்பில் முழுத்தொகை இருக்கும், வங்கியில் பாதிதான் இருக்கும்.

சென்னையில் 2010இல் தொடங்கி, அப்போது ஃபிரெஷ்டெஸ்க் என்று அழைக்கப்பட்ட நிறுவனம், 2011 டிசம்பரில் ஆக்செல் நிறுவனத்திடமிருந்து முதல் முதலீடாக 10 லட்சம் டாலர் பெற்றது. ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது 2021 செப்டம்பரில். இடையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள், மேலும் பல சுற்று முதலீடுகள். அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் முன்பு வேலை பார்த்த ஸோஹோவோ வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்தது. வெளிப்பணம் ஒரு வழி, அவ்வளவுதான்; எல்லோருக்கும் அது தேவையும் இல்லை.

நன்றி சொல்வதிலும் வரிசை தெரிகிறது. நல்ல அறிவிப்பில் முதலீட்டாளர் பெயருக்கு முன்னால் வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் வருவார்கள். பொருள் தடுமாறிய காலத்தில் காசு கொடுத்து வாங்கி, குறை சொல்லித் திருத்தியவர்கள் இல்லாவிட்டால் முதலீட்டாளரிடம் காட்ட எதுவுமே இருந்திருக்காது. பணத்தை எதற்குச் செலவிடப் போகிறோம் என்று ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும். தொகையும் நன்றியும் மட்டுமே இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்.

இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்து அங்கே வேலைக்குச் சேரப் போகிறீர்களா? இரண்டு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கையில் இருக்கும் பணம் இன்னும் எத்தனை மாதம் தாங்கும்? சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்கு தருகிறோம் என்றால், அது மொத்தப் பங்குகளில் எத்தனை சதவீதம்? '500 பங்கு' என்ற பதில் போதாது, மொத்தம் 12,500 பங்கா, 50 லட்சம் பங்கா என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. சேர்ந்து ஓராண்டு முடியும் முன் அந்தப் பங்கில் எதுவும் உங்களுக்கு உரிமையாகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.